ஆறாவது விரலும் இல்லாத சட்டைப்பையும்: செயற்கை நுண்ணறிவு நிரப்பிய பழைய படங்களைத் திருத்துவது எப்படி?

இடம்பெயர்வில் தப்பிய படங்கள் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. ஓரம் கிழிந்திருக்கும். மழைத்தண்ணீர் பட்ட இடம் வெளிறியிருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிரித்த இடத்தில் வெள்ளைக் காகிதம் தெரியும். முன்பு இப்படியான படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்தால் ஒருவர் இரண்டு மூன்று நாள் இருந்து கையால் திருத்துவார். இப்போது சேதமான இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் செயற்கை நுண்ணறிவு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பத்து நிமிடத்தில் பளபளப்பான படம் கைக்கு வருகிறது.

அப்படித் திருத்தப்பட்ட படம் ஒன்றைக் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குடும்பம் சென்ற ஆண்டு என்னிடம் கொண்டுவந்தது. நான் ஊடகக் கற்கை படித்தவன். செய்திப் படங்களைச் சரிபார்க்கும் வேலையோடு பழைய படங்களைத் திருத்தும் வேலையும் செய்கிறேன். அந்தப் படத்தில் இருந்த பிழைகளையும் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்த முறையையும் இங்கே விளக்குகிறேன். இதே பிழைகள் உங்கள் வீட்டுப் படத்திலும் இருக்கக்கூடும்.

படம் 2004 இல், சமாதான காலத்தில் எடுத்தது. நாலுக்கு ஆறு அங்குல அளவு. கதிரையில் அம்மா இருக்கிறார். பக்கத்தில் பத்து வயது மகள் நிற்கிறாள். மகளுக்குப் பின்னால் பத்தொன்பது வயது மகன், தன் வலது கையைத் தங்கையின் வலது தோளில் வைத்தபடி நிற்கிறார். 2009 இல் இந்தப் படம் ஒரு சொப்பிங் பாக்கில் அடையாள அட்டைகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தது. மகன் திரும்பி வரவில்லை. பைக்குள் தண்ணீர் போனதால் மகனின் நெஞ்சுப் பகுதி, கையின் பாதி, நாடியின் கீழ்ப்பாதி ஆகியன உரிந்துபோயிருந்தன.

கடையில் திருத்தி வந்த படத்தை முதலில் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு மகள்தான் அண்ணனின் கையில் ஆறு விரல் இருப்பதைக் கண்டார். அதன்பின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ர பிள்ளை மாதிரிக் கிடக்கு. ஆனா என்ர பிள்ளை இல்லை" என்று சொன்னார்.

விரல் ஏன் கூடுகிறது?

திருத்தத் தொடங்குமுன் பிழை எப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கே தேடுவது என்பதை அதுதான் சொல்லும்.

இந்த இயந்திரங்கள் கிழிந்துபோன பகுதியை மீட்பதில்லை. மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இப்படியான இடத்தில் வழமையாக என்ன இருக்கும் என்று ஊகித்துப் புதிதாக வரைகின்றன. விரலுக்குப் பக்கத்தில் விரல் இருக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். ஐந்தோடு நிறுத்த வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

இரண்டாவது காரணம் அளவு. பரவலாகப் பயன்படும் ஸ்டேபிள் டிஃபியூஷனின் முதல் தலைமுறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது படத்தை ஏறத்தாழ 512 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, பின்னர் அதை 8 பிக்சலுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, அந்தக் கட்டங்களில்தான் வேலை செய்கிறது. எங்கள் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் 2400 பிக்சல் அகலம் வரும். அதில் மகனின் கை ஏறத்தாழ 300 பிக்சல் அகலம். முழுப் படத்தையும் 512 ஆகச் சுருக்கும்போது கை 64 பிக்சலாகிவிடும். கட்டக் கணக்கில் அது வெறும் 8 கட்டம். ஐந்து விரலும் இடைவெளியும் 8 கட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு விரலுக்கு ஒன்றரைக் கட்டம்கூடக் கிடைக்காது. அப்படி வரைந்த கையில் விரல் கூடுவதும் ஒட்டிக்கொள்வதும் ஆச்சரியமில்லை.

முகத்துக்கும் இதே கணக்குத்தான். 480 பிக்சல் அகலமான முகம் 13 கட்டமாகிவிடும். ஒரு கண்ணுக்கு இரண்டரைக் கட்டம் கிடைக்கும். சிறிய முகங்கள் உள்ள குழுப் படங்களில் கண்கள் கோணலாவதற்கும் பற்கள் ஒரே வெள்ளைக் கோடாவதற்கும் இதுதான் காரணம். புதிய இயந்திரங்கள் பெரிய அளவில் வேலை செய்கின்றன. ஆனாலும் திருமணப் படத்தின் பின்வரிசையில் நிற்கும் ஒருவருக்கு அவற்றிலும் சில கட்டங்களே கிடைக்கும்.

முதல் வேலை: அசல் படத்துக்குத் திரும்புதல்

இயந்திரம் கெடுத்த படத்தின் மேலேயே திருத்தத் தொடங்கக் கூடாது. கிழிந்த அசல் படத்தைத் தேடி எடுக்க வேண்டும். இந்தக் குடும்பம் அதைத் திரும்ப வாங்கி வைத்திருந்தது. திருத்திய படம் கிடைத்துவிட்டது என்று பழையதைக் கடையிலேயே விட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும். தூரத்தில் இருந்து அனுப்புவதானால் Document என்ற தெரிவின் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். கைபேசியில் எடுத்த படத்தைவிட ஸ்கானர் நல்லது. 600 டிபிஐ போதும். ஜேபெக் ஆக அல்லாமல் டிஃப் வடிவத்தில் சேமித்தால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படம் தேயாது. படம் சட்டகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரித்து எடுக்க முயல வேண்டாம். படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின் என்பதால், ஈரம் பட்டுக் காய்ந்தபின் அது கண்ணாடியோடு பசைபோலப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யலாம்.

அடுத்தது, இயந்திரம் எங்கெல்லாம் கைவைத்தது என்று கண்டுபிடித்தல். கடைக்காரர் கிழிந்த இடத்தைத்தான் தெரிவு செய்திருப்பார் என்று நாங்கள் நினைக்கிறோம். அது நிச்சயமில்லை. பல செயலிகள் முழுப் படத்தையும் உள்ளே எடுத்துச் சுருக்கி மீண்டும் விரித்துத் தருகின்றன. தொடாத இடம் என்று நாங்கள் நினைப்பதும் அப்போது மாறியிருக்கும்.

இதற்கு இலவசமான கிம்ப் மென்பொருள் போதும். அசல் ஸ்கானைக் கீழ் லேயராக வையுங்கள். திருத்திய படத்தை மேலே போடுங்கள். எங்களுக்குக் கிடைத்த படம் 1024க்கு 1536 பிக்சல். அதை Scale Layer மூலம் 2400க்கு 3600 ஆக்கி, கண்களும் கதிரைக் கால்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி நகர்த்தினேன். பிறகு மேல் லேயரின் Mode என்பதை Difference ஆக மாற்றினேன். இரண்டு படமும் ஒத்திருக்கும் இடம் கறுப்பாகும். மாறியிருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரியும். மெல்லிய சாம்பல் இரைச்சல் எல்லா இடத்திலும் இருக்கும். அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

கை, நெஞ்சு, நாடி ஆகியன வெளிச்சமாகத் தெரிந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கிழியாத இடங்களிலும் வெளிச்சம் இருந்தது. தங்கையின் இடது கண், அம்மாவின் தோடு, சுவரில் தொங்கிய நாட்காட்டி, மகனின் கன்னத்தில் ஒரு புள்ளி. அந்த ஒவ்வோர் இடத்தையும் 200 வீதத்துக்குப் பெரிதாக்கி அசலோடு ஒப்பிட்டேன். தங்கையின் கண்ணில் இமைக் கோடு மறைந்திருந்தது. தோட்டின் கல் இரண்டாகியிருந்தது. நாட்காட்டியில் இருந்த தமிழ் எழுத்துகள் எந்த மொழியிலும் சேராத கொக்கிகளாக மாறியிருந்தன.

கன்னத்துப் புள்ளி ஒரு மச்சம். ஸ்கானில் 15 பிக்சல் அகலம். இயந்திரம் சுருக்கிய படத்தில் அது 3 பிக்சல், அதாவது அரைக் கட்டம்கூட இல்லை. இயந்திரத்துக்கு அது தூசி. அம்மாவுக்கு அது மகன். "இடப்பக்கக் கன்னத்தில மச்சம் இருக்கெண்டு எல்லா இடத்திலயும் எழுதிக் குடுத்தனான்" என்றார் அவர். முறைப்பாடுகளில் அடையாளமாக எழுதப்பட்ட மச்சம் திருத்திய படத்தில் இல்லை.

மறைத்து, தேவையான இடத்தில் மட்டும் திறத்தல்

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்க்க எதையும் வரையத் தேவையில்லை. மேல் லேயரின் Mode என்பதை மீண்டும் Normal ஆக்கி, Add Layer Mask என்பதில் Black (full transparency) என்ற தெரிவைக் கொடுத்தால் இயந்திரம் செய்த படம் முழுதாக மறைந்துவிடும். இப்போது கிழிந்த அசல்தான் தெரியும். மென்மையான தூரிகையை வெள்ளை நிறத்தில் எடுத்து, உண்மையிலேயே உரிந்துபோன இடத்தில் மட்டும் மாஸ்க்கின் மேல் பூசினால் இயந்திரத்தின் வேலை அந்த இடத்தில் மட்டும் வெளியே வரும்.

இப்படிச் செய்தவுடன் தங்கையின் கண், தோடு, மச்சம், நாட்காட்டி எல்லாம் தம் பழைய நிலைக்கு வந்துவிட்டன. நாட்காட்டியில் ஒரு மூலை தண்ணீரில் அழிந்திருந்தது. அதை அழிந்த நிலையிலேயே விட்டேன். எழுத்து தெரியாத இடத்தில் எழுத்துப் போடுவது புதிய தகவல் ஒன்றைப் படத்துக்குள் சேர்ப்பதாகும்.

சுவர், நிலம், கதிரையின் விளிம்பு போன்ற இடங்களில் இயந்திரம் நிரப்பியதை ஏற்றுக்கொண்டேன். அங்கே அது நல்ல வேலை செய்திருந்தது. சுவரின் ஒரு கையளவு இடம் எப்படி இருந்தது என்பதில் யாருக்கும் வழக்கில்லை. மீதியாக இருந்தவை மூன்று: கை, சட்டை, நாடி.

கை

கையைத் திருத்துமுன் அது எந்தக் கை, எந்தத் திசையில் இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். உங்கள் வலது கையை முன்னால் நிற்பவரின் வலது தோளில் வைத்துப் பாருங்கள். பெருவிரல் அவரின் கழுத்துப் பக்கம் வரும். சின்னிவிரல் தோளின் வெளிப்பக்கம் வரும். எங்கள் படத்தின் அசலில் கழுத்துப் பக்கமாக இருந்த பெருவிரலும் சுட்டுவிரலும் தப்பியிருந்தன. மற்ற மூன்றும் உரிந்துபோயிருந்தன. இயந்திரம் நடுவிரல், மோதிரவிரல், சின்னிவிரல் மூன்றையும் சரியாகவே வரைந்து, அதற்கு அப்பால் இன்னொரு பெருவிரலையும் வரைந்திருந்தது. இடக்கையும் வலக்கையும் கலந்த கை அது. விரல்களை எண்ணுவதோடு பெருவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியது இதனால்தான். ஐந்து விரல் இருந்தும் பெருவிரல் தவறான பக்கத்தில் இருக்கும் கைகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

இப்படியான மேலதிக விரலுக்கு மீண்டும் இயந்திரத்திடம் போக வேண்டியதில்லை. Clone கருவியை எடுத்து, தங்கையின் சட்டைத் தோளில் துணி மட்டும் உள்ள ஓர் இடத்தை மூலமாகத் தெரிவு செய்து, வெளிப்பெருவிரலின் மேல் பூசினேன். துணியின் மடிப்பு ஓடும் திசையிலேயே பூச வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். பிறகு சின்னிவிரலின் வெளிவிளிம்பில் ஒரு மெல்லிய நிழலைச் சேர்த்தேன். விரல் துணியைத் தொடும் இடத்தில் நிழல் இல்லாவிட்டால் கை தோளின் மேல் மிதக்கும்.

விரல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தால் Clone போதாது. அந்த இடத்தை மீண்டும் வரைவிக்கத்தான் வேண்டும். அப்போது முழுப் படத்தையும் கொடுக்காமல் கையைச் சுற்றிய பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். 600க்கு 600 பிக்சல் பகுதியை வெட்டிக் கொடுத்தால் முன்பு 8 கட்டமாக இருந்த கை இப்போது 32 கட்டமாகிறது. ஸ்டேபிள் டிஃபியூஷனின் வழமையான இடைமுகத்தில் Only masked என்ற தெரிவு இதைத்தான் செய்கிறது. அதோடு இருக்கும் Denoising strength என்ற அளவை 0.4 க்கும் 0.6 க்கும் இடையில் வையுங்கள். 1 க்குக் கிட்டக் கொண்டுபோனால் இருந்த கையை மறந்து புதிய கையை வரையும். மிகக் குறைத்தால் பழைய பிழையையே திரும்பத் தரும். நாலைந்து முறை வரைவித்து, அவற்றில் சரியான விரலை மட்டும் மாஸ்க் மூலம் எடுத்துக்கொள்ளலாம். ஒரே முறையில் முழுக்கையும் சரியாக வரும் என்று காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை. இயந்திரம் வரைந்த தோல் மெழுகுபோல வழுவழுப்பாக இருக்கும். இருபது வருடப் பழைய படத்தில் மெல்லிய மணல்போன்ற இழை இருக்கும். புதிய பகுதிக்கு ஒரு பிக்சலுக்கும் குறைவான Gaussian Blur கொடுத்து, பிறகு Filters, Noise, RGB Noise வழியாகச் சிறிதளவு இரைச்சல் சேர்த்தேன். அதில் Independent RGB என்ற அடையாளத்தை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோலில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் தெரியும். பக்கத்தில் உள்ள அசல் தோலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகத் தெரியும்போது நிறுத்த வேண்டும்.

சட்டை

விரலைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது சட்டை. 2004 இல் மகன் போட்டிருந்தது சாதாரணமான கடும்பச்சை சேர்ட். நெஞ்சுப்பகுதி உரிந்திருந்ததால் இயந்திரம் அங்கே மூடியும் பொத்தானும் வைத்த ஒரு பையை வரைந்திருந்தது. தோளில் ஒரு பட்டியும் சேர்த்திருந்தது. பச்சைச் சட்டை, இளம் ஆண் என்ற இரண்டையும் கண்ட இயந்திரம் தான் பழகிய படங்களில் அதிகம் கண்டதைப் போட்டிருக்கிறது. அதற்கு அது ஓர் அலங்காரம். எங்கள் மண்ணில் அது அப்படியல்ல.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் அவனை என்னெண்டு எழுதுவாங்கள்?" என்று மகள் கேட்டார். அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. பாடசாலை முடித்துக் கடையில் வேலை செய்த ஒரு பிள்ளை, ஒரு சட்டைப்பையாலும் ஒரு தோள்பட்டியாலும் வேறொருவனாகிவிடுகிறான்.

ஆகவே சட்டை, தொப்பி, இடுப்புப்பட்டி, கையில் வைத்திருக்கும் பொருள், பின்னால் தெரியும் கொடி, சுவரெழுத்து ஆகியவற்றை முகத்துக்கு இணையான கவனத்தோடு பாருங்கள். இவற்றில் இயந்திரம் சேர்த்த எதையும் விட்டுவைக்கக் கூடாது. அதேபோல அசலில் இருந்ததை அது நீக்கியிருந்தால் திரும்பக் கொண்டுவர வேண்டும். படத்தில் உண்மையிலேயே இருந்த ஒன்றை மறைப்பதும் மாற்றம்தான்.

சேர்ட்டின் மறுபாதி தப்பியிருந்தது. அதிலிருந்து துணியை மட்டும் எடுத்து உரிந்த பாதியை நிரப்பினேன். முழுப் பாதியையும் கண்ணாடிபோலத் திருப்பி ஒட்டுவது சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் பொத்தான் பட்டி இரண்டாகும், வெளிச்சமும் எதிர்ப்பக்கமிருந்து வரும். வெறும் துணியைச் சிறு துண்டுகளாக எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. உரிந்த இடத்தில் உண்மையில் ஒரு சாதாரணப் பை இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. அதனால் பை வைக்கவில்லை.

முகம்

கையிலும் சட்டையிலும் நியாயமான ஊகத்துக்கு இடமுண்டு. முகத்தில் அது இல்லை. முகத்தை மெருகூட்டும் செயலிகள் பலவற்றின் அடியில் ஜிஎப்பிகேன், கோட்ஃபோர்மர் போன்ற நிரல்கள் இருக்கின்றன. இரண்டும் ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டப்பட்ட 70,000 முகப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. மங்கிய முகத்தைக் கொடுத்தால் அந்த முகங்களின் சாயலில் தெளிவான ஒரு முகத்தைத் தருகின்றன. 2020 இல் இப்படியான பல்ஸ் என்ற நிரலுக்குப் பராக் ஒபாமாவின் மங்கலாக்கப்பட்ட படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. அந்த முகம் மிகத் தெளிவாக இருந்தது, ஆனால் அது ஒபாமா இல்லை. கோட்ஃபோர்மரில் 0 முதல் 1 வரை நகர்த்தும் ஓர் அளவு உண்டு. 0 பக்கம் அழகு, 1 பக்கம் அசலுக்கு நெருக்கம். 1 இல் வைத்தாலும் கிழிந்துபோன நாடியை அது அறியாது.

அம்மா "என்ர பிள்ளை இல்லை" என்று சொன்னது இதைத்தான். இயந்திரம் வரைந்த நாடி அகலமாகவும் நடுவில் சிறு குழியோடும் இருந்தது. மகனின் நாடி ஒடுங்கியது.

ஒருவரின் முகத்தில் இல்லாத பகுதியை எடுக்கக்கூடிய ஒரே இடம் அவரின் இன்னொரு படம்தான். குழுப் படங்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டி, சாமத்திய வீடு, கலியாண வீடு, வெளிநாட்டில் உள்ள உறவினரின் அல்பம் என்று தேட வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு ரொறன்ரோவில் இருந்த பெரியம்மாவிடம் 2003 இல் எடுத்த ஒரு பிறந்தநாள் படம் இருந்தது. முகம் ஏறத்தாழ அதே கோணத்தில் இருந்தது. கோணம் முக்கியம். நேராகப் பார்க்கும் முகத்தின் நாடியைப் பக்கம் திரும்பிய முகத்தில் வைத்தால் தாடை உடைந்ததுபோல் இருக்கும்.

அளவு பொருத்துவதற்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தை அளவுகோலாக எடுத்தேன். எங்கள் ஸ்கானில் அது 210 பிக்சல். ரொறன்ரோப் படத்தில் 84 பிக்சல். ஆகவே அந்தப் படத்தை இரண்டரை மடங்கு பெரிதாக்கி, கீழுதட்டுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் மாஸ்க் மூலம் எடுத்துப் பொருத்தினேன். நிறத்தை Curves மூலம் அசல் கன்னத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டரை மடங்கு பெரிதாக்கியதால் நாடி சற்று மங்கலாக இருந்தது. அதைக் கூர்மையாக்கும் செயலி எதிலும் போடவில்லை. மங்கலான உண்மையான நாடி, தெளிவான பொய் நாடியைவிட நல்லது.

வேறு படமே இல்லாதவர்கள் அந்த இடத்தைப் பக்கத்துத் தோலின் நிறத்தில் தட்டையாக நிரப்பிவிடுவதே சரி. ஓவியங்களைப் பராமரிப்பவர்களும் இல்லாமல்போன பகுதியை இப்படி அமைதியான ஒரு நிறத்தால் நிரப்பும் வழக்கம் உண்டு. பார்ப்பவருக்கு அங்கே ஒரு குறை இருப்பது தெரியும். ஆனால் இருக்கிற கண்ணும் மூக்கும் அவருடையவையாகவே இருக்கும்.

எந்தப் படம் எங்கே போக வேண்டும்?

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கையில் ஏந்தியவை இப்படியான படங்களே. 2016 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அமைந்த காணாமல் போனோர் அலுவலகத்துக்கும், மனித உரிமை அமைப்புகளுக்கும் கொடுத்த கோவைகளிலும் இவை இருக்கின்றன. வீட்டுச் சுவரில் தொங்கும் படத்துக்கும் கோவைக்குள் போகும் படத்துக்கும் வேலை வேறு. சுவரில் உள்ள படம் நினைவுக்கு. கோவையில் உள்ள படம் ஒருவரை அடையாளம் காண்பதற்கு. கோவையில் உள்ள படத்தில் ஆறு விரல் இருந்தால், கேள்வி கேட்பவர் விரலோடு நிற்கமாட்டார். முழுப் படத்தையும் பொய் என்பார்.

ஆகவே இந்தக் குடும்பத்துக்கு மூன்று கோப்புகள் கொடுத்தேன்:

```
2004_kudumbam_scan_asal.tif
2004_kudumbam_thiruththiyathu.tif
2004_kudumbam_kurippu.txt
```

முதலாவது எதுவும் தொடாத ஸ்கான். அடையாளத்துக்கென்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியது அதுதான், கிழிசலோடு. இரண்டாவது வீட்டுக்கு. மூன்றாவது ஐந்து வரிக் குறிப்பு: நாடி 2003 ஆம் ஆண்டுப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது, மூன்று விரல்கள் கணினியால் வரையப்பட்டவை, நெஞ்சுப்பகுதித் துணி அதே சேர்ட்டின் மறுபாதியிலிருந்து நிரப்பப்பட்டது, சுவரின் ஒரு பகுதி கணினியால் நிரப்பப்பட்டது, மற்றவை அசல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் இலவசமாகத் திருத்தித் தரும் செயலிகளுக்குப் படத்தைக் கொடுத்தால் அது வேறொரு நாட்டில் உள்ள கணினிக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. அங்கே எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. தேடப்படும் ஒருவரின் படம் என்றால் இணையம் இல்லாமலே இயங்கும் கிம்ப் போன்ற மென்பொருளில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுப்பது பாதுகாப்பு.

ஏற்கெனவே திருத்திய படம் உங்களிடம் இருந்தால், அதை அசலுக்குப் பக்கத்தில் வைத்து இந்த வரிசையில் பாருங்கள். முதலில் மச்சம், தழும்பு. பிறகு கண்களும் நாடியும். அடுத்தது உடுப்பும் கையில் இருக்கும் பொருளும். அதன்பின் எழுத்துகள். கடைசியாக விரல்கள். விரல் பிழைத்தால் எவருக்கும் தெரியும். மச்சம் போனது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே படத்தைக் கடையில் வாங்கும்போது அந்த முகத்தை நன்றாக அறிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.